சிறுவனை வைத்துத் தண்ணீர்க் காட்சி: முதலில் ஷாட் பட்டியல், பிறகுதான் படிவம்

கேள்வி: “குறும்படம் எடுக்கிறேன். கும்பகோணம் பக்கம் ஒரு வாய்க்கால். 9 வயதுப் பையன் ஸ்கூல் பையைத் தண்ணீரில் தவறவிட்டு, குதித்து எடுப்பதுதான் முக்கியமான சீன். பையனுக்கு நீச்சல் தெரியும், அவன் அப்பாவும் கரையிலேயே இருப்பார். மொத்தம் 8 பேர், ஒரே நாள் ஷூட். ரிஸ்க் அசெஸ்மென்ட் எப்படி எழுதுவது, என்னென்ன ஏற்பாடு இருந்தால் போதும்?”

படிவத்தைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் அந்த சீனின் ஷாட் பட்டியலை எடுத்து மேசையில் வையுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் எதிரே ஒரே ஒரு கேள்வி: இந்த ஷாட்டில் பையன் தண்ணீரில் இருந்தே ஆக வேண்டுமா? எத்தனை லைஃப் ஜாக்கெட், எத்தனை நீச்சல்காரர் என்று யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே பாதி ஆபத்தை இந்தக் கேள்வி எடுத்துவிடும். பதினாறு வருடமாக உதவி இயக்குநராகவும் தயாரிப்பு நிர்வாகியாகவும் இருந்து வருகிறேன். நடுவில் நீர்மீட்புப் பயிற்சியும் எடுத்தேன். தண்ணீர்க் காட்சிகளில் நான் பார்த்த ஆபத்தான நேரங்கள் பெரும்பாலும், பையன் இறங்கத் தேவையே இல்லாத ஷாட்டுக்காக இறக்கப்பட்டபோது வந்தவை.

நீங்கள் பாதுகாப்பாகச் சொன்ன இரண்டையும் நான் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்க மாட்டேன். பையனுக்கு நீச்சல் தெரியும் என்கிறீர்கள். எங்கே கற்றுக்கொண்டான்? கிணற்றிலோ குளத்திலோ டவுசரோடு நீந்தியவன், ஓடும் தண்ணீரில் யூனிஃபார்ம் பேன்ட், சட்டை, ஷூவோடு, கையில் நனைந்த பையைப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல், முகத்தில் பயத்தையும் காட்டி நீந்த வேண்டும். அதையே ஆறு தடவை செய்ய வேண்டும். ஏழாவது தடவை “இன்னொன்று போகலாமா தம்பி?” என்று கேட்டால், முடியாது என்று சொல்லும் 9 வயதுக் குழந்தை அபூர்வம். அப்பா கரையில் இருப்பது நல்லது, சட்டப்படியும் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஆனால் மகன் மூழ்குகிறான் என்று தெரிந்ததும் எதையும் யோசிக்காமல் குதிக்கப்போகிறவர் அவர்தான். அப்போது மீட்க வேண்டியவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். அவரை மகன் கண்ணில் படும்படி கரையில் உட்கார வையுங்கள், மீட்பவராகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. உங்கள் காட்சியில் பையன் தத்தளிப்பதுபோல் நடிக்கப்போகிறான். உண்மையிலேயே தத்தளித்தால் யாருக்கு எப்படித் தெரியும்? நிஜமாக மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய் வரும்போது மூச்சு எடுக்கவே நேரம் போதாது, கத்துவதற்கு ஏது மூச்சு? தலை பின்னால் சாய்ந்திருக்கும். உடம்பு செங்குத்தாக நிற்கும், கால் உதைப்பு இருக்காது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரைக் கீழே அழுத்தும், தூரத்திலிருந்து பார்த்தால் ஏணி ஏறுவது போலத் தோன்றும். இது ஒரு நிமிடத்துக்கு மேல் நீடிக்காது, சிறு பிள்ளைகளிடம் அதற்கும் முன்பே முடிந்துவிடும். ஒரு கோயில் குளத்தில் நடந்த ஷூட்டை என்னால் மறக்க முடியவில்லை. மானிட்டர் முன்னால் இருந்த எல்லோரும் பையனின் நடிப்பைப் பார்த்து அசந்துபோய் நின்றோம். தண்ணீருக்குள் கழுத்தளவில் நின்றிருந்த உள்ளூர் மீனவர் ஒருவர் மட்டும் யாரையும் கேட்காமல் ஃப்ரேமுக்குள் பாய்ந்து அவனைத் தூக்கினார். டேக் கெட்டுவிட்டதே என்று யாரோ முணுமுணுத்தார்கள். படிக்கு வந்ததும் பையன் வாயிலிருந்து தண்ணீராக வந்தது. அவனுக்குப் பாசி வழுக்கிப் படி தவறியிருக்கிறது, மானிட்டரில் அது தெரியவே இல்லை.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் முறையை நீங்களும் வைத்துக்கொள்ளலாம். உதவி கேட்க ஒரு சைகை என்று பையனுக்குச் சொல்லித் தராதீர்கள். மூழ்குபவனால் சைகை காட்ட முடியாது. அதற்குப் பதிலாக, நன்றாக இருக்கிறேன் என்பதற்குத்தான் சைகை: உள்ளங்கையைத் தலையில் வைப்பது. கட் சொன்ன மூன்று வினாடிக்குள் கை தலைக்குப் போகவில்லை என்றால், காவலாக நிற்பவர் யாரையும் கேட்காமல் உள்ளே போய்விட வேண்டும். டேக் ஓடும்போது, நடிப்பு எவ்வளவு வினாடி என்பதை முன்பே முடிவு செய்து ஒருவர் சத்தமாக எண்ண வேண்டும். எட்டு வினாடி என்றால் எட்டுதான். ஒலியை டப்பிங்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஷாட் பட்டியலுக்கு வருவோம். உங்கள் சீனை நானாக ஒன்பது ஷாட்டாகப் பிரித்துப் பார்க்கிறேன், உங்களுடையது கொஞ்சம் மாறலாம். கரையில் பையன் ஓடி வருவது, பை கைநழுவித் தண்ணீரில் விழுவது, பை மிதந்து போவது: இந்த மூன்றிலும் பையன் தண்ணீரில் இல்லை. பை விழுவதிலும் மிதப்பதிலும் அவன் கரைக்கே வர வேண்டியதில்லை. நான்காவது, குதிப்பது. கால்கள் கரையை விட்டு எழும்புவதை மட்டும் கீழ்க்கோணத்தில் எடுத்து, அவன் மெத்தையில் விழட்டும். இதை வாய்க்காலிலிருந்து தள்ளி, அதேபோல மண்மேடு இருக்கும் வயல் வரப்பில் எடுக்கலாம். ஐந்தாவது, தண்ணீரில் முகமும் தோளும். ஆறாவது, கை நீண்டு பையின் பட்டையைப் பிடிப்பது. ஏழாவது, தூரத்திலிருந்து முழு வாய்க்காலும் நடுவில் சிறு உருவமும். எட்டாவது, படித்துறையில் பையோடு ஏறுவது. ஒன்பதாவது, நனைந்து உட்கார்ந்திருப்பது. கடைசிக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். ஏழாவதுக்கு, உடல்வாகு சிறிதான, 18 வயது தாண்டிய நல்ல நீச்சல்காரரை அதே யூனிஃபார்மில் இறக்குங்கள். அந்தத் தூரத்தில் எந்தப் பார்வையாளருக்கும் முகம் தெரியாது. அவருக்கும் மீட்பு ஏற்பாடு வேண்டும், ஆனால் அவர் தனக்காகத் தானே முடிவெடுக்கக்கூடிய பெரியவர்.

ஆக, பையன் தண்ணீரில் இருந்தே ஆக வேண்டியவை ஐந்து, ஆறு, எட்டு ஆகிய மூன்று ஷாட் மட்டும். அதில் ஐந்தும் ஆறும் நெருக்கமான ஷாட்கள், பின்னால் கரையே தெரியப்போவதில்லை. அவற்றை எதற்கு வாய்க்காலில் எடுக்க வேண்டும்? பக்கத்தில் ஏதாவது வயலில் பம்ப்செட் சிமென்ட் தொட்டி இருக்கும். முந்தின நாளே தண்ணீரை வடித்து, பாசியைத் தேய்த்துக் கழுவி, அடியில் கண்ணாடித் துண்டோ கம்பியோ இல்லை என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு, பையனின் இடுப்பளவுக்கு மட்டும் நிரப்புங்கள். கலங்கல் நிறம் வேண்டுமானால் சலித்த களிமண்ணைக் கொஞ்சம் கரைக்கலாம், ஆனால் அவன் கால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கலக்காதீர்கள். அவன் முழங்காலை மடக்கினால் கழுத்தளவு ஆழம்போல் ஃப்ரேமில் தெரியும். நிமிர்ந்து நின்றால் ஷாட் முடிந்தது. எந்த நொடியிலும் தானே எழுந்து நிற்க முடிகிற தண்ணீர் அது. அந்த ஒரு குணம், வாய்க்காலில் நான்கு நீச்சல்காரர்களை நிறுத்துவதைவிட மேலானது.

தொட்டிக்கு மாறியதும் வாய்க்காலில் இல்லாத ஆபத்துகள் வந்து சேரும், அதையும் எழுத வேண்டும். முதலாவது மின்சாரம். பல பம்ப்செட்களில் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருப்பார்கள். மும்முனை மின்சாரம் வந்தவுடன் யாரும் தொடாமலேயே மோட்டார் ஓடத் தொடங்கிவிடும். பையன் குழாய்க்கு நேரே நிற்கும்போது அது நடந்தால், தண்ணீர் அடிக்கும் வேகத்தில் அவன் பின்னால் சாய்ந்து தொட்டிச் சுவரில் தலை மோதலாம். மோட்டார் கொட்டகையின் பழைய ஒயரிங்கில் கசிவு இருந்தால் அது வேறு. அதனால் மெயின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மோட்டார் சொந்தக்காரரையே கூப்பிட்டு மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கச் சொல்லி, ஒருவர் தன் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். பையன் தொட்டியை விட்டு வெளியே வந்து துவட்டிய பிறகுதான் அந்தக் கட்டைகள் திரும்பப் போக வேண்டும். அலைக்கு மோட்டார் வேண்டாம், ஒருவர் பலகையை வைத்துத் தண்ணீரைத் தள்ளினால் போதும். விளக்கு தேவை என்றால் பேட்டரியில் ஓடும் எல்இடி மட்டும் வையுங்கள். ஜெனரேட்டர் ஒயர் எதுவும் தொட்டியைச் சுற்றி ஐந்து மீட்டருக்குள் வரக் கூடாது என்று நான் வைத்திருக்கிறேன். இரண்டாவது, பக்கத்தில் திறந்த கிணறு இருக்கிறதா என்று பாருங்கள். ஷாட்டுக்கு இடையில் குழந்தை ஓடிப்போகும் இடம் அதுதான். கிணறு இருந்தால் வேறு தொட்டி தேடுங்கள்.

எட்டாவது ஷாட் ஒன்றுதான் வாய்க்காலில் மிச்சம். படித்துறையில் கால் நனைய நின்று, பையோடு மேலே ஏறுவது. இதற்குத்தான் இடத்தைப் பார்க்கும் வேலை முழுதாக வேண்டும். ஷூட் நடக்கும் அதே நேரத்தில் குறைந்தது இரண்டு நாள் போய்ப் பாருங்கள். வாய்க்கால் தண்ணீர் உங்கள் கையில் இல்லை. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடப்படும், ஆனால் எந்த வாய்க்காலில் எந்த நாள் எவ்வளவு விடுவார்கள் என்பது முறைப்பாசனத்தையும் மழையையும் பொறுத்தது. மேலே ஒரு ஷட்டரை ஏற்றினால், உங்கள் படித்துறையில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் முழங்காலைத் தாண்டலாம். அந்தப் பகுதியில் ஷட்டரை ஏற்றி இறக்கும் நீர்வளத் துறை ஊழியரான லஸ்கரைப் பாருங்கள். அன்றைக்குத் தண்ணீர் மாற்றம் உண்டா என்று கேளுங்கள், அவர் போன் நம்பரை உங்கள் கால்ஷீட்டில் எழுதுங்கள். கரையில் துணி துவைக்க வருபவர்களிடமும் பேசுங்கள். எங்கே ஆழம், எங்கே மணல் அள்ளிய குழி, எங்கே போன வருடம் ஒருவர் போனார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

ஆழத்தைப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட மூங்கில் கழியால் அளவுங்கள். படித்துறையில் மட்டும் இல்லை, கீழ்நோக்கி முப்பது மீட்டர் வரை அளக்க வேண்டும். வேகத்தை அளப்பது இன்னும் எளிது. கரையில் பத்து மீட்டர் அளந்து இரண்டு குச்சி நடுங்கள். பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலை மேலே போட்டு, முதல் குச்சியிலிருந்து இரண்டாவதுக்கு எத்தனை வினாடி என்று மூன்று தடவை பாருங்கள். இருபது வினாடி என்றால் வேகம் வினாடிக்கு அரை மீட்டர். பார்த்தால் மெதுவாகத்தான் தெரியும். ஆனால் தவறிய பையன் ஒரு நிமிடத்தில் முப்பது மீட்டர் போய்விடுவான். இன்னொன்று, வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்க முடியாமல் போகிறது.

வெள்ளத்தில் மனிதர்களால் எவ்வளவு வரை நிற்க முடியும் என்று ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை வினாடிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்க வேண்டும். உங்கள் பையன் அளவுள்ள குழந்தைகளுக்கு அது 0.4-க்குள் இருந்தால் ஆபத்து குறைவு என்பது அவர்கள் கணக்கு. இதைவிடச் சின்னக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று அவர்கள் எதையுமே சொல்வதில்லை. முப்பது சென்டிமீட்டர் ஆழம், அரை மீட்டர் வேகம் என்றால் பெருக்கினால் 0.15 வரும். இந்த எண்ணை நான் எவ்வளவு நம்புகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். விசையைப் பற்றிய இயற்பியல் உறுதியானது. எண் அப்படியல்ல. பாசி படிந்த படி, கையில் நனைந்த பை, பின்னால் திரும்பி நடிப்பது, இதெல்லாம் அதில் இல்லை. அதனால் நான் அதைப் பாதியாக்கி 0.2 என்று வைத்துக்கொள்கிறேன். கூடவே, எண் என்ன வந்தாலும் தண்ணீர் பையனின் முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும். இந்தப் பாதி என் அனுபவத்தில் வந்த முடிவு, எந்த நூலிலும் இருப்பதாகச் சொல்ல மாட்டேன்.

இடத்தைப் பார்க்கும்போது எல்லோரும் நடிக்கும் இடத்தையே பார்ப்பார்கள். தண்ணீரில் முக்கியம் அதற்குக் கீழே இருப்பது. படித்துறையிலிருந்து எண்பது மீட்டரில் சாலைக்கு அடியில் குழாய் மதகு இருக்கிறதா? கரையோர மரத்தின் வேர்கள் தண்ணீருக்குள் பின்னிக் கிடக்கின்றனவா? இழுத்துப்போகப்பட்டவனை மதகு உள்ளே உறிஞ்சும், வேர் பிடித்து வைத்துக்கொள்ள அதன்மேல் தண்ணீர் அழுத்தும். கீழே நூறு மீட்டருக்குள் இப்படி ஏதாவது இருந்தால் அந்தப் படித்துறையை விட்டுவிடுவேன், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

காவலுக்கு மூன்று பேர். ஒருவர் தண்ணீரில், பையனைக் கை நீட்டித் தொடும் தூரத்தில், ஃப்ரேமுக்கு ஒரு அடி வெளியே. அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துத்தான் கேமரா வைக்க வேண்டும், கேமராவுக்காக அவரைத் தள்ளி நிறுத்தக் கூடாது. இரண்டாமவர் பத்து மீட்டர் கீழே, இடுப்பளவுத் தண்ணீரில், கையில் எறிகயிறோடு. மூன்றாமவர் மேல்பக்கம், மரக்கட்டையோ பாட்டிலோ முள்ளோ மிதந்து வருகிறதா, தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க. மூவருக்கும் அன்றைக்கு வேறு வேலை கிடையாது. உங்கள் எட்டுப் பேருக்குள் இருந்து இவர்களை எடுக்க முடியாது. ஃபோகஸ் பார்ப்பவர் ஃபோகஸைத்தான் பார்ப்பார். இரண்டு உள்ளூர் நீச்சல்காரர்களையும் ஒரு நண்பரையும் கூடுதலாக அழைத்தால் ஆகும். அதற்கு வழியில்லை என்றால் எட்டாவது ஷாட்டை வாய்க்காலில் எடுக்காதீர்கள்.

கயிறு விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன், நம் ஊர் ஷூட்களில் அடிக்கடி பார்க்கிற தவறு இது. ஓடும் தண்ணீரில் குழந்தையின் இடுப்பில் கயிறு கட்டிக் கரையில் பிடிக்காதீர்கள். தவறினால் இழுத்துவிடலாம் என்று தோன்றும். நடப்பது வேறு: கயிறு அவனை ஒரே இடத்தில் நிறுத்தும், பின்னாலிருந்து வரும் தண்ணீர் அவனைக் கீழே அழுத்தி முகத்தை மூழ்கடிக்கும். கரையில் இருப்பவர் எவ்வளவு பலமாக இழுக்கிறாரோ அவ்வளவு உள்ளே போவான். கயிறு, எறிந்து பிடிக்கக் கொடுப்பதற்குத்தான். அதற்குப் பதிலாக அவன் எடைக்குப் பொருத்தமான மெல்லிய மிதவை உள்ஜாக்கெட்டை யூனிஃபார்ம் சட்டைக்குள் போடுங்கள், சட்டையை ஒரு அளவு பெரிதாகத் தையுங்கள். முந்தின நாளே தொட்டியில் போட்டுப் பாருங்கள். அளவு பெரிதான ஜாக்கெட் தண்ணீரில் காதுவரை ஏறிவிடும், பையன் அதற்குள்ளிருந்து நழுவலாம். கைகளில் மாட்டும் காற்றுப் பைகள் இதற்கு மாற்று ஆகாது.

இத்தனையும் முடிவான பிறகு படிவம் ஒரு மணி நேர வேலைதான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வரி: என்ன ஆபத்து, யாருக்கு, எப்படி நடக்கும், அதற்கு என்ன செய்திருக்கிறோம், பொறுப்பு யார் பெயர், எது நடந்தால் நிறுத்துவோம். எட்டாவது ஷாட்டுக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்: “படித்துறைப் பாசியில் பையன் வழுக்கிக் கீழ்நோக்கி இழுபடலாம். மூன்று படிகள் காலையில் தேய்த்துக் கழுவப்படும், ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ, உள்ஜாக்கெட், கைதொடும் தூரத்தில் ஒருவர், பத்து மீட்டரில் ஒருவர். தண்ணீர் மூன்றாம் படியைத் தாண்டினாலோ, பாட்டில் பத்து மீட்டரை 15 வினாடிக்குள் கடந்தாலோ ஷாட் கிடையாது.” கடைசி வாக்கியம்தான் உயிர். பல படிவங்களில் “கவனமாக இருக்கப்படும்” என்று எழுதியிருப்பார்கள், அதை வைத்து ஷூட்டை யாராலும் நிறுத்த முடியாது. விளைவுக்கும் அது நடக்கும் வாய்ப்புக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டுப் பெருக்கும் அட்டவணையைச் சிலர் கேட்பார்கள், கேட்டால் போடுங்கள். ஆனால் குழந்தை மூழ்குவதன் விளைவு எப்போதும் ஐந்துதான். வாய்ப்பை “ஒன்று” என்று எழுதி எண்ணைக் குறைத்துக் காட்டுவது மிகச் சுலபம், அதனால் அந்த எண்ணை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

நிறுத்தும் உரிமை யாருக்கு என்பதைக் காலையில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். “ஸ்டாப்” என்று டீ கொடுக்கிற தம்பி சொன்னாலும் நிற்க வேண்டும். பையன் கரைக்கு வந்த பிறகுதான் ஏன் என்று கேட்கலாம். ஷாட் ஓகேவா என்பதை இயக்குநர் தீர்மானிக்கட்டும். இன்னொரு டேக் போகலாமா என்பதைக் காவலில் இருப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். தண்ணீரில் பையனுக்கு நான்கு டேக், ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. நம் ஊர் வெயிலில் குளிர் எங்கே வரும் என்று நினைப்பீர்கள். 28 டிகிரித் தண்ணீரும் உடம்பைவிட 9 டிகிரி குறைவு. தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும், மெலிந்த குழந்தையிடம் இன்னும் சீக்கிரம். உதடு வெளுப்பது, பல் கிட்டுவது, கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொல்வது, இதில் எதைப் பார்த்தாலும் அன்றைக்குத் தண்ணீர் வேலை முடிந்தது. மூன்று செட் யூனிஃபார்ம், பெரிய துண்டுகள், ஃபிளாஸ்க்கில் சூடான பால் வையுங்கள்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டத்தின் விதிகளில் 2017-இல் குழந்தைக் கலைஞர்களுக்கென ஒரு விதி சேர்க்கப்பட்டது. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஷூட் நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் உறுதிமொழிப் படிவமும் பெற்றோர் சம்மதமும் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். குழந்தையின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஒருவரின் பெயரும் அதில் வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக எதிலும் பங்கேற்க வைக்கக் கூடாது. சின்னக் குறும்படத்துக்கும் இது உண்டா என்று பலர் கேட்கிறார்கள். நான் எப்போதும் விண்ணப்பித்துவிடுவேன், நீங்களும் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்திலேயே கேட்டுவிடுங்கள். படித்துறையைப் பயன்படுத்த நீர்வளத் துறை அனுமதி தனி. அனுமதியைத் தவிர்ப்பதில் என்ன ஆபத்து என்பதற்கு 1982 ஜூலை 23 அதிகாலையில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே நடந்ததே போதும். ஆற்றுத் தண்ணீரில் இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு நடிகர் ஓடும் காட்சி. வெடியில் சிக்கிய ஹெலிகாப்டர் மேலே விழுந்து மூவரும் இறந்தார்கள். அந்த நேரத்தில் குழந்தைகளை வைத்து எடுக்க அனுமதி கிடைக்காது என்பதால் அனுமதி இல்லாமலேயே அவர்களை அழைத்து வந்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் கொண்ட குழந்தைநல அலுவலர் அதனால் அந்த இடத்தில் இல்லவே இல்லை.

அவசரத்துக்கு: பக்கத்து மருத்துவமனைக்கு நீங்களே ஒரு தடவை வண்டி ஓட்டிப் போய் நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே குழந்தைகளுக்கு இரவு பகல் ஆக்சிஜன் வசதி உண்டா என்று கேளுங்கள். ஒரு கார் சாலையைப் பார்த்தபடி, சாவி ஓட்டுநரிடமே, பின்னால் எந்தப் பெட்டியும் இல்லாமல் நிற்க வேண்டும். 108-க்கு யார் பேசுவது, என்ன அடையாளம் சொல்வது என்று எழுதி வையுங்கள். நான் மருத்துவர் அல்ல, பயிற்சியில் சொல்லித் தந்ததைச் சொல்கிறேன்: மூழ்கியவருக்கு நெஞ்சை அழுத்துவது மட்டும் போதாது, வாய்வழி மூச்சும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அவர் இழந்தது மூச்சைத்தான். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது இரண்டும் நேரத்தை வீணாக்கும். குழுவில் இருவராவது ஷூட்டுக்கு முன் குழந்தைகளுக்கான சிபிஆர் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்து சிரித்தாலும், இருமல் நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, சோர்ந்து தூங்கப் பார்க்கிறான் என்றால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்றும் உண்டு, டெல்டாவில் வாய்க்கால் கரைதான் பாதி இடங்களில் சாலை. எல்லோர் கண்ணும் தண்ணீரில் இருக்கும்போது, ஷாட் முடிந்த பையன் துண்டைப் போர்த்திக்கொண்டு அப்பாவிடம் ஓடுவான், வளைவில் மினி பஸ் வரும். அவன் காத்திருக்கும் இடம் சாலையின் அதே பக்கத்தில், வண்டி நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கட்டும். தண்ணீரை விட்டு வந்ததும் ஒருவர் அவன் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும்.

ஷூட் அன்று காலை முதல் வேலையாக, யூனிட் வண்டி வருவதற்கு முன், கழியையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போங்கள். பார்க்கப் போன நாளில் தண்ணீர் தொட்ட இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்திருப்பீர்கள். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால், லஸ்கருக்குப் போன் செய்யுங்கள். ஏறுகிறது என்றாலோ, அவர் போனை எடுக்கவில்லை என்றாலோ, மேல்படியில் பையனை நிறுத்தி இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி, முழங்காலுக்கு மேல் ஃப்ரேம் வைத்து எட்டாவது ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.